வாடகை மாதத் தொடக்கத்திலா, மாதக் கடைசியிலா? மாதம் 300 ரூபாய்க்கு ஒரு கணக்கு

என் தங்கை வீட்டுக்காரர் ஈரோட்டில் துண்டு, போர்வை, பெட்ஷீட் வியாபாரத்துக்கு ஒரு கடை பார்த்தார். சரக்கு பெரும்பாலும் சென்னிமலையிலிருந்து வரும். கடை பிடித்திருந்தது, முன்பணமும் பேசி முடித்தாயிற்று. வாடகைக்கு மட்டும் கட்டட உரிமையாளர் இரண்டு வழி சொன்னார். ஓய்வு பெற்ற வாத்தியார் அவர். "தம்பி, மாசம் பொறந்ததும் கொடுத்தா இருபதாயிரம். மாசம் முடிஞ்சு கொடுக்கறதுன்னா இருபதாயிரத்து முந்நூறு. மூணு வருஷ ஒப்பந்தம். எது வசதியோ பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

மாப்பிள்ளை அன்று இரவே என்னைக் கூப்பிட்டார். "மச்சான், முப்பத்தாறு மாசத்துக்கு 10,800 ரூபாய் கூடப் போகுது. இதுல யோசிக்க என்ன இருக்கு, முன்னாடியே கொடுத்துடலாம்தானே?" என்று கேட்டார். கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் வேலை. அவர் சொன்ன முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு அவர் சொன்ன காரணம் போதாது. முதல் வழியில் மொத்தம் 7,20,000 போகிறது, இரண்டாவது வழியில் 7,30,800 போகிறது என்பது உண்மை. ஒவ்வொரு இருபதாயிரமும் ஒரு மாதம் முன்னால் கையை விட்டுப் போகிறதே, அந்த ஒரு மாதத்துக்கு என்ன விலை என்பது அந்தக் கழித்தலில் வரவே இல்லை.

கணக்குப் பாடத்தில் இந்த இரண்டு வழிக்கும் பெயர் உண்டு. சம இடைவெளியில் வரும் சமமான தொகைகளின் வரிசைக்கு ஆனுவிட்டி என்று பெயர். காலத்தின் தொடக்கத்திலேயே பணம் கைமாறினால் அது ஆனுவிட்டி டியூ. காலம் முடிந்தபின் கைமாறினால் ஆர்டினரி ஆனுவிட்டி. வாடகையும் காப்பீட்டுப் பிரீமியமும் பெரும்பாலும் முதல் வகை. மாதக் கடைசியில் வரும் சம்பளமும், கடன் வாங்கி ஒரு மாதம் கழித்துத் தொடங்கும் இஎம்ஐயும் இரண்டாவது வகை. இந்தக் கட்டுரையில் முன்தவணை, பின்தவணை என்றே எழுதுகிறேன்.

முதலில் 300 ரூபாய் வித்தியாசத்தை மறந்துவிடலாம். இரண்டு வழியிலும் 20,000தான் என்று வைத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது நம் ஊர்ப் பேச்சில் ஒரு வட்டி. இன்றைக்குக் கொடுக்கும் 20,000க்கு இன்றைய மதிப்பு 20,000தான். ஒரு மாதம் கழித்துக் கொடுக்கப்போகும் 20,000க்கு இன்றைய மதிப்பு 20,000 ÷ 1.01, அதாவது 19,802. இன்றைக்கு 19,802 ரூபாயை ஒரு வட்டிக்குப் போட்டு வைத்தால் மாதம் முடியும்போது இருபதாயிரமாகியிருக்கும் என்பதுதான் இதன் பொருள். இரண்டு மாதம் தள்ளினால் 19,606. இப்படியே போனால் 36 மாதம் கழித்துக் கொடுக்கும் 20,000க்கு இன்றைக்கு 13,978 தான் மதிப்பு.

இப்போது இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்தவணையில் முதல் தொகை 20,000, அடுத்தது 19,802, பிறகு 19,606 என்று இறங்கி 14,118ல் முடியும். பின்தவணை 19,802ல் தொடங்கி, அதே 19,606 வழியாக, அதே 14,118ஐத் தாண்டி 13,978ல் முடியும். நடுவில் இருக்கும் 35 தொகைகளும் ஒன்றேதான். யோசித்துப் பார்த்தால் இது இயல்பும்கூட. ஜூன் 30ஆம் தேதி ஜூன் மாதத்துக்குக் கொடுத்தாலும் ஜூலை 1ஆம் தேதி ஜூலை மாதத்துக்குக் கொடுத்தாலும் கையை விட்டுப் பணம் போவது ஏறக்குறைய ஒரே நாளில்தானே. வித்தியாசம் இரண்டு முனைகளில் மட்டும்தான் இருக்கிறது. முன்தவணையில் சாவி வாங்கும் நாளில் ஒரு 20,000 கூடுதலாகப் போகிறது. பின்தவணையில் காலி செய்யும் நாளில் ஒரு 20,000 போகிறது. 20,000லிருந்து 13,978ஐக் கழித்தால் 6,022. மூன்று வருடத்துக்கும் சேர்த்து, இன்றைய மதிப்பில் வித்தியாசம் அவ்வளவுதான்.

மொத்தத்தையும் கூட்டினால் பின்தவணையின் இன்றைய மதிப்பு 6,02,150, முன்தவணைக்கு 6,08,172. சின்னதை 1.01ஆல் பெருக்கினால் பெரியது வருகிறது. எந்த வாடகை, எத்தனை மாதம் என்று எடுத்தாலும் இந்த உறவு மாறாது. எல்லாத் தொகையும் ஒரு மாதம் முன்னால் நகர்வதால் மொத்த மதிப்பும் ஒரு மாத வட்டி அளவுக்கு ஏறுகிறது. வருடா வருடம் ஐந்து சதவீதம் வாடகை கூடினாலும் இது அப்படியே நிற்கும், ஏனென்றால் அப்போதும் ஒவ்வொரு தொகையும் நகர்வது ஒரு மாதம்தான். ஆனுவிட்டி டியூ என்றதும் தனியாக ஒரு பெரிய சூத்திரத்தை மனப்பாடம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையே இல்லை. சாதாரண ஆனுவிட்டியைக் கண்டுபிடித்து, i என்பது மாத வட்டி என்றால், (1 + i) ஆல் பெருக்கினால் வேலை முடிந்தது.

சரி, இப்போது 300 ரூபாயைத் திரும்பக் கொண்டுவருவோம்.

மேலே சொன்னதைக் கையில் வைத்துக்கொண்டால் வாத்தியாரின் இரண்டு வழியையும் ஒரே வகுத்தலில் ஒப்பிட்டுவிடலாம். 20,300ஐ 20,000ஆல் வகுத்தால் 1.015. அதாவது ஒரு மாதம் பொறுத்துக் கொடுக்க அவர் கேட்பது ஒன்றரை வட்டி. உங்கள் பணத்துக்கு மாதம் ஒன்றரை வட்டிக்கு மேல் விலை இருந்தால் பின்தவணை லாபம், அதற்குக் கீழே என்றால் முன்தவணை லாபம், சரியாக ஒன்றரை என்றால் எதை எடுத்தாலும் ஒன்றுதான். 36 மாதத்துக்கும் கூட்டிப் பார்த்தால் இப்படி வருகிறது:

| மாத வட்டி | முன்தவணை 20,000 | பின்தவணை 20,300 | எது மலிவு, சுமார் எவ்வளவு |
|---|---|---|---|
| 0.5% | 6,60,707 | 6,67,282 | முன்தவணை, 6,570 |
| 1% | 6,08,172 | 6,11,182 | முன்தவணை, 3,010 |
| 1.5% | 5,61,512 | 5,61,512 | சமம் |
| 2% | 5,19,972 | 5,17,424 | பின்தவணை, 2,550 |

ஒப்பந்தம் மூன்று வருடமா, பதினொரு மாதமா என்பது இந்த முடிவைத் தொடவே இல்லை. காலம் நீண்டால் லாபத்தின் அளவு கூடும், ஆனால் எது லாபம் என்பது மாறாது. மாப்பிள்ளைக்கு இதைச் சொன்னதும் ஒரு கவலை விட்டது. வியாபாரம் சரியாகப் போகாமல் பதினான்காவது மாதத்தில் காலி செய்ய நேர்ந்தால் இந்தத் தேர்வு தப்பாகிவிடுமோ என்று அவர் பயந்துகொண்டிருந்தார். ஆகாது. பாதியில் காலி செய்தாலும் ஒன்றரை வட்டிதான் எல்லைக்கோடு. முன்பணமும் இரண்டு வழியிலும் ஒரே தொகை, திரும்பி வருவதும் ஒரே நாளில் என்பதால் அதையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கத் தேவையில்லை.

ஆகக் கேள்வி ஒன்றுதான்: மாப்பிள்ளையின் பணத்துக்கு மாத வட்டி எவ்வளவு? கணக்கு தப்பாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் அவர் சொன்ன பதில் நியாயமாகத்தான் இருந்தது. சரக்கு எடுக்கும் இடத்தில் 30 நாள் கடன் தருகிறார்கள். உடனே பணம் கொடுத்தால் இரண்டு சதவீதம் கழிவு. 10,000 ரூபாய்ச் சரக்குக்கு இன்றைக்கு 9,800 கொடுத்தால் போதும், இல்லாவிட்டால் ஒரு மாதம் கழித்து முழு 10,000. இது இரண்டு வட்டிக்குச் சற்று மேலே. "அப்போ என் பணத்துக்கு ரெண்டு வட்டி, மச்சான். வாடகையைக் கடைசியில கொடுத்துட்டு அந்தப் பணத்துல சரக்கு எடுக்கறதுதானே நல்லது?" என்றார். அட்டவணையின் கடைசி வரியும் அதைத்தான் சொல்கிறது. ஒரு நிமிடம் நானும் அப்படியே நினைத்தேன்.

ஆனால் அவருக்கு வங்கியில் ஓ.டி. இருக்கிறது, அதாவது ஒரு வரம்பு வரை வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் ஓவர்டிராஃப்ட் கடன். வருடத்துக்கு 12 சதவீதம், மாதத்துக்கு ஒரு வட்டி. வருடத்தில் பெரும்பாலான நாள் அந்த வரம்பில் இடம் மிச்சம் இருக்கிறது. வாடகைக்கு 20,000 முன்னாலேயே போய்விட்டால் அவர் சரக்குக் கழிவை விட்டுவிடப் போவதில்லை. ஓ.டி.யிலிருந்து எடுத்துச் சரக்குக்குக் கட்டிக் கழிவையும் வாங்கிக்கொள்வார். அப்படியானால் வாடகையை முன்னால் கொடுப்பதால் அவருக்கு ஆகும் உண்மையான செலவு ஓ.டி. வட்டி மட்டுமே. பணத்துக்கு எந்த வட்டி என்று கேட்கும்போது, இந்த ஒரு இருபதாயிரம் குறைந்தால் அடுத்து எந்தப் பையைத் தொடுவோம் என்று பார்க்க வேண்டும். அந்தப் பையின் வட்டிதான் கணக்கில் போட வேண்டிய வட்டி. நம் கையில் இருப்பதிலேயே அதிக லாபம் தரும் வழியின் வட்டியைப் போட்டால் விடை திசைமாறிவிடும். இங்கே அந்தப் பை ஓ.டி., வட்டி ஒன்று. அட்டவணையில் இரண்டாவது வரி. முன்தவணை சுமார் 3,010 ரூபாய் மலிவு.

இதையே மாதக் கணக்காகவும் சரிபார்க்கலாம். முன்னால் கொடுத்தால் மாதம் 300 மிச்சம். அதற்காக 20,000 ரூபாயை ஒரு மாதம் முன்னால் ஓ.டி.யில் எடுப்பதற்கு வட்டி 200. நிகரமாக மாதம் 100. மாதக் கடைசியில் வரும் நூறு ரூபாயை 36 மாதத்துக்கு ஒரு வட்டியில் இன்றைய மதிப்பாக்கினால் 3,010 வருகிறது. இரண்டு வழியில் போட்டாலும் ஒரே விடை வந்தால்தான் எனக்கு நிம்மதி.

தீபாவளிக்கு முன்னால் மட்டும் கதை மாறும். அந்த இரண்டு மாதம் ஓ.டி. வரம்பு நிறைந்து, வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும். அப்போது 300 மிச்சத்துக்கு 400 செலவு, மாதம் 100 நஷ்டம். மீதிப் பத்து மாதமும் 100 லாபம். வருடத்துக்கு நிகரம் 800 ரூபாய் லாபம்தான். வருடம் முழுக்க ஓ.டி. நிறைந்தே ஓடும் கடையாக இருந்தால், நான் தயங்காமல் பின்தவணையை எடுக்கச் சொல்லியிருப்பேன்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய இரண்டு வரிகள் உண்டு. இரண்டுமே மேலே சொன்ன கணக்கைப் புரட்டக்கூடியவை.

ஒன்று தேதி. வரைவை வாங்கிப் படித்தபோது முன்தவணைக்கு "பிரதி மாதம் 10ஆம் தேதிக்குள்" என்றும், பின்தவணைக்கு "மாதத்தின் கடைசி நாளில்" என்றும் இருந்தது. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மாதம் இல்லை, 20 நாள்தான். 20 நாள் பொறுப்பதற்கு ஒன்றரை சதவீதம் என்றால் மாதத்துக்கு இரண்டேகால் வட்டி. எல்லைக்கோடு ஒன்றரையிலிருந்து இரண்டேகாலுக்கு ஏறிவிடுகிறது. தீபாவளி மாதத்தின் இரண்டு வட்டியும் அதற்குக் கீழேதான் நிற்கிறது. 10ஆம் தேதி வரை சலுகை இருந்தால் முன்தவணை இன்னும் நல்லது. பின்தவணைக்கும் அடுத்த மாதம் 10ஆம் தேதி வரை சலுகை கேட்டு வாங்கினால் இடைவெளி மறுபடி ஒரு மாதம், எல்லைக்கோடும் ஒன்றரை.

இன்னொன்று வாடகை உயர்வு. இரண்டு வழியிலும் வருடம் ஐந்து சதவீதம் உயர்வு, ஆனால் கூடுதல் 300 அப்படியே நிற்கும் என்று எழுதியிருந்தால் இரண்டாம் வருடம் 21,000க்கு 300, அதாவது 1.43 வட்டி. மூன்றாம் வருடம் 22,050க்கு 300, அது 1.36. வருடம் ஏற ஏறப் பின்தவணை கொஞ்சம் மலிவாகிக்கொண்டே வரும். உயர்வு 20,300 மீதே கணக்கிடப்பட்டால் எல்லைக்கோடு ஒன்றரையிலேயே நிற்கும்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எக்செல் தானாகவே பின்தவணை என்று எடுத்துக்கொள்ளும். முன்தவணை வேண்டுமானால் கடைசியில் 1 போட வேண்டும்.

```
=PV(1%,36,-20000)        602150
=PV(1%,36,-20000,0,1)    608172
=PV(1%,36,-20300)        611182
```

அந்த 1ஐ மறந்துவிட்டு முதல் வரியையும் மூன்றாவது வரியையும் ஒப்பிட்டால் முன்தவணை 9,032 ரூபாய் மலிவு என்று காட்டும். உண்மை வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு. இரண்டு வட்டியில் பார்க்கும்போது இதே தவறு விடையையே மாற்றிவிடும், பின்தவணை லாபமாக இருக்கும் இடத்தில் முன்தவணையைக் காட்டும். பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: ஒரே தொகைக்கு 0 போட்டும் 1 போட்டும் பாருங்கள், ஒரு வட்டியில் பெரியதைச் சிறியதால் வகுத்தால் சரியாக 1.01 வர வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே விடை தந்தால் 1 தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, பெரும்பாலும் அந்த நடு 0 விடுபட்டிருக்கும். NPV கட்டளையிலும் இதே சங்கதிதான். வரிசையின் முதல் தொகையையே ஒரு மாதம் தள்ளி எடுத்துக்கொள்ளும். முன்தவணைக்கு முதல் தொகையை வெளியே வைத்து, மீதி 35க்கு மட்டும் NPV போட்டுக் கூட்ட வேண்டும். 1% என்ற இடத்தில் வருட வட்டி 12%ஐப் போட்டுவிடுபவர்களும் உண்டு. அப்போது மொத்தமே 1,64,000 போலச் சுருங்கி வரும், பார்த்ததுமே தெரிந்துவிடும்.

அப்புறம், இதே கணக்கு வாத்தியாருக்கும் உண்டு. இடைவெளி முழுதாக ஒரு மாதம் என்றே இங்கே வைத்துக்கொள்கிறேன். அவர் பணம் வங்கியில் ஃபிக்சட் டெபாசிட்டில் கிடக்கும். வருடத்துக்கு ஏழு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 20,000க்கு ஒரு மாத வட்டி 117 ரூபாய். அதாவது 117க்கு மேல் எவ்வளவு கூடக் கிடைத்தாலும், மாதக் கடைசியில் வாங்குவது அவருக்கு லாபம். மாப்பிள்ளைக்கோ 200க்குக் கீழே எவ்வளவு கொடுத்தாலும் பின்தவணை லாபம். 117க்கும் 200க்கும் நடுவில் ஒரு தொகை பேசி முடித்தால் இரண்டு பேருக்கும் நல்லது. மாதம் 150 கூடுதல் என்று வைத்தால் மாப்பிள்ளைக்கு மூன்று வருடத்தில் இன்றைய மதிப்பில் சுமார் 1,505 ரூபாய் மிச்சம். இருவரின் வட்டியும் வேறு வேறாக இருப்பதால்தான் இப்படி ஓர் இடம் கிடைக்கிறது.

மாப்பிள்ளை போய்க் கேட்டார். "அய்யா, கடைசித் தேதியில கொடுக்கறதுக்கு நூத்தம்பது சேர்த்துக்கறோம்" என்றார். வாத்தியார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வட்டிக்காக இல்லீங்க தம்பி. போன தடவை இருந்தவங்க மாசக் கடைசி மாசக் கடைசின்னே ரெண்டு மாச வாடகையை நிறுத்திட்டாங்க. வேணும்னா இருநூத்தம்பது பண்ணிக்கலாம்" என்றார். அவர் சொன்னதும் சரிதான். பின்தவணையில் குடியிருப்பவர் எப்போதும் ஒரு மாதம் கடன்பட்டவராகவே இருக்கிறார். கேட்ட கூடுதலில் வட்டி 117 போக மீதி அந்தப் பயத்துக்கான விலை. ஃபிக்சட் டெபாசிட் வட்டியை வைத்து நான் போட்ட 117ல் அது இல்லை.

250 என்றால் ஒன்றேகால் வட்டி. மாப்பிள்ளைக்கு ஓ.டி. ஒரு வட்டிக்கே கிடைக்கிறது. முன்தவணையே எடுத்துக்கொண்டோம். 10ஆம் தேதிச் சலுகை அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் கேட்டோம், வாத்தியார் சம்மதித்தார். முதல் மாத வாடகை 20,000ஐச் சாவி வாங்கிய அன்றே கொடுத்தாயிற்று. அடுத்த மாதத்திலிருந்து 9ஆம் தேதி காலையில் அனுப்புவதாக மாப்பிள்ளை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்.